ஆறு பேர், இரண்டு இரவு: முகாம் சமையல் பட்டியல்

வெள்ளி மாலை போய்ச் சேர்கிறோம், ஞாயிறு மதியத்துக்கு முன் கிளம்புகிறோம். மொத்தம் ஐந்து வேளைச் சாப்பாடு. கூடாரம் வரை வண்டி போகும், ஆனால் பக்கத்தில் கடையும் இல்லை, குழாயும் இல்லை. கீழே முதலில் ஒரு ஆளுக்கான அளவு, பிறகு ஆறு பேருக்கான மொத்தம்.

இரண்டு விஷயத்தை மறக்கவே கூடாது. கார்த்திக்குக் கடலை ஒவ்வாமை. அதனால் கடலை, கடலை எண்ணெய், கடலை கலந்த பிஸ்கட் எதுவும் வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மீரா முட்டை சாப்பிட மாட்டாள்.

வெள்ளி இரவு: பாஸ்தா
களைப்போடு இறங்குவோம், இருபது நிமிடத்தில் முடியும் சமையல்தான் சரி.
- முட்டை சேர்க்காத பாஸ்தா 120 கிராம் (720)
- தக்காளி 150 கிராம் (900). திவ்யா வீட்டிலேயே வெங்காயம், பூண்டோடு வதக்கிக் குளிரவைத்துக் கொண்டு வருவாள்; அங்கே சூடாக்கினால் போதும்.

சனி காலை: பிரெட், முட்டைப் பொரியல்
- பிரெட் 4 துண்டு (24)
- முட்டை 2 (மீரா தவிர ஐந்து பேருக்கு 10)
- மீராவுக்கு சீஸ் 40 கிராம்

போன முறை முட்டை அட்டை மூட்டைக்கு அடியில் மாட்டி நான்கு உடைந்து, பிரெட் பை முழுக்க ஊறிப்போனது. இந்த முறை வெள்ளி மதியம் பத்தையும் உடைத்து, உப்புப் போட்டு அடித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறேன். காலையில் குலுக்கி அப்படியே வாணலியில் ஊற்றலாம்.

சனி மதியம்: அடுப்பு இல்லை, நடைபாதையில் சாண்ட்விச்
- பிரெட் 4 துண்டு (24), சீஸ் 40 கிராம் (240), வெள்ளரி பாதி (3), வாழைப்பழம் 2 (12)

சனி இரவு: சோறு, பருப்பு, காய்
நாள் முழுக்க நடந்துவிட்டு வருவோம், அதனால் அளவு கொஞ்சம் கூட.
- அரிசி 120 கிராம் (720)
- மைசூர் பருப்பு 50 கிராம் (300). குக்கர் இல்லாமலே சீக்கிரம் வெந்துவிடும்.
- உருளை, கேரட், பீன்ஸ் சேர்த்து 150 கிராம் (900)
- வெங்காயம் 50 கிராம் (300)

ஞாயிறு காலை: ஓட்ஸ் 60 கிராம் (360), உலர் திராட்சை 20 கிராம் (120), பால் பவுடர் 20 கிராம் (120).

டீ ஆளுக்கு மொத்தம் 4 கப், அதாவது 24 கப்: டீத்தூள் 60 கிராம், பால் பவுடர் 300 கிராம், சர்க்கரை 250 கிராம். கொறிக்கப் பூசணி விதை, உலர்பழம் ஆளுக்கு 100 கிராம் (600). சூரியகாந்தி எண்ணெய் 250 மில்லி, உப்பு 100 கிராம், மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு சின்னச் சின்ன டப்பாக்களில்.

தண்ணீர்: குடிக்க நாளுக்கு 3 லிட்டர், சமைக்கவும் கழுவவும் 2. ஆறு பேர், இரண்டு நாள்: 60 லிட்டர், மூன்று 20 லிட்டர் கேன். இதில் மட்டும் யாரும் கணக்கைக் குறைக்க வேண்டாம்.

பாத்திரம், அடுப்பு
- 6 லிட்டர் பாத்திரம் மூடியோடு. சோறு அரிசியைப்போல் மூன்று மடங்கு ஆகும். சின்னப் பாத்திரத்தில் வைத்து, பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்துபோனதை நாம் பார்த்திருக்கிறோம்.
- பருப்புக்கு 3 லிட்டர் பாத்திரம், 28 செ.மீ. வாணலி, கெட்டில்
- கரண்டி 2, தோசைத் திருப்பி, கத்தி, வெட்டும் பலகை, வடிகட்டி, இடுக்கி
- கேஸ் அடுப்பு 2, 230 கிராம் கேஸ் டப்பா 3. ஆளுக்கு நாளுக்கு 40 கிராம் என்று பார்த்தால் 480 கிராம் தேவை, இரண்டு டப்பா மயிரிழையில் பத்தாது.
- லைட்டர் 2, ஜிப் பையில் ஒரு தீப்பெட்டி
- ஐஸ் பெட்டி. ஐஸ் கட்டிக்குப் பதில் உறைய வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 4, உருகினால் குடிக்கலாம்.
- கழுவும் வாளி, சோப்பு, நார், துணி 3, பெரிய குப்பைப் பை 4

தட்டு, டம்ளர், ஸ்பூன், தண்ணீர் பாட்டில், நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று, அவரவர் கொண்டு வர வேண்டும்.

மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். காற்றுத் தடுப்பை கேஸ் டப்பாவைச் சுற்றி முழுக்க மூடவும் கூடாது, டப்பா சூடேறி வெடிக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஊற்றுவோம். சிக்கிய பருக்கைகள் குப்பைப் பைக்கு.

யார் எது: அரிசி, பருப்பு, பாஸ்தா, ஓட்ஸ், மசாலா, எண்ணெய் நான். காய், பழம், பிரெட், சீஸ் மீரா. அடுப்பு, கேஸ், பாத்திரங்கள் அருண். தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி கார்த்திக். டீச் சாமான், பால் பவுடர், கொறிக்கும் பொருட்கள், கழுவும் சாமான் சரவணன்.

வியாழன் மாலை 7 மணிக்கு திவ்யா வீட்டில் எடை போட்டு, வேளைக்கு ஒரு பையாகக் கட்டி, மேலே வேளையின் பெயரை எழுதுவோம். சேர்க்கவோ மாற்றவோ ஏதாவது இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.