வியாழன் மாலை 3 மணி மீட்டிங்: இப்போதைக்கு வர இயலவில்லை, எதற்காக என்று தெரிந்துகொள்ளலாமா?

வணக்கம் மேடம்,

வியாழக்கிழமை மாலை 3 முதல் 4.30 வரை நீங்கள் வைத்திருக்கும் மீட்டிங்குக்கான அழைப்பு நேற்று மாலை வந்தது. என்னையும் நினைவில் வைத்து அழைத்ததற்கு நன்றி. அழைப்பில் ‘பில்லிங் – டிஸ்கஷன்’ என்ற தலைப்பு மட்டும்தான் இருந்தது. கீழே விவரம் எழுதும் இடம் காலியாக இருந்தது, கோப்பு எதுவும் இணைக்கப்படவில்லை. என்ன பேசப் போகிறோம், அதில் என் பங்கு என்ன என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. அதனால் இப்போதைக்கு அழைப்பை மறுத்திருக்கிறேன். காலண்டரில் அந்த அறிவிப்பை மட்டும் பார்த்தால் தவறாகத் தோன்றலாம், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

‘வரலாம், உறுதியில்லை’ என்று போட்டுவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அப்படிப் போட்டால் வருவேன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் நான் வரவில்லை என்றால் உங்கள் திட்டம்தான் குழம்பும். அதைவிட இன்றே தெளிவாகச் சொல்வது நல்லது என்று பட்டது.

அந்த நேரத்தில் என் கையில் இருக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புதிய பில்லிங் மாட்யூலுக்குப் பழைய வாடிக்கையாளர் பதிவுகளை மாற்றும் சோதனை இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றிய பதிவுகளில் 312 வரிகள் பழைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை. காரணம் நேற்றுதான் கிடைத்தது: ஒரு பழைய கோப்பில் நாள் முன்னால், மாதம் பின்னால், இன்னொன்றில் நேர்மாறாக. நாள் 12-க்கு மேல் இருந்தால் பிழை உடனே சிக்கிவிடுகிறது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லை. 05-03 போன்ற தேதிகள்தான் தொல்லை. மார்ச் 5-ஆ, மே 3-ஆ என்று மென்பொருளால் சொல்ல முடியாது, பிழை என்றும் காட்டாது. அந்த 312-க்கு வெளியே, சரி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரிகளிலும் இது ஒளிந்திருக்கக்கூடும். அசல் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அதற்காகத்தான் வியாழன் மாலையை ஒதுக்கியிருந்தோம். தவறிவிட்டால், கட்டிவிட்ட பணத்தைக் கேட்டு யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு மறுபடி பில் போகும்.

இதைச் சொல்வது உங்கள் மீட்டிங்கைவிட என் வேலைதான் பெரியது என்பதற்காக இல்லை. எதை விட்டுவிட்டு எதற்கு வருகிறேன் என்று தெரிந்தால் என்னால் முடிவெடுக்க முடியும். நீங்கள் பேச நினைப்பது இந்தத் தேதிப் பிரச்சினையைப் பற்றியே என்றால் நான் வராமல் இருப்பதுதான் தவறு. புதிய விலைப்பட்டியலைப் பற்றி என்றால், என்னைவிடக் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள்தான் அங்கே தேவை. வாடிக்கையாளர் புகார்கள் என்றால் சப்போர்ட் குழு இல்லாமல் பேச்சு நகராது. அழைப்புப் பட்டியலில் அவர்கள் யாரும் இல்லை. ‘பில்லிங்’ என்ற ஒரு சொல்லில் இந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன. மூன்றுக்கும் நான் படித்துவிட்டு வர வேண்டியது வேறு வேறு.

மூன்று வாரத்துக்கு முன் இதே போல ஒரு மணி நேரம் ஒன்பது பேர் உட்கார்ந்தோம், உங்களுக்கும் நினைவிருக்கும். திரையில் ஷீட்டைத் திறந்ததும் ‘திரும்பக் கொடுத்த தொகை’ என்ற பத்தியில் சில எண்கள் மைனஸ் குறியோடும் சில குறி இல்லாமலும் இருந்தன. ஏன் அப்படி என்று அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவரை அழைக்கவில்லை. ஷீட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, ‘சரி, அவரையும் கூப்பிட்டு இன்னொரு நாள் பேசலாம்’ என்று எழுந்தோம். அதை யார் தவறு என்றும் சொல்ல மாட்டேன். நானும் எதற்கு என்று கேட்காமல்தான் வந்து உட்கார்ந்தேன். ஆனால் என்ன பேசப் போகிறோம் என்று முதல் நாளே இரண்டு வரி வந்திருந்தால், ‘இதற்கு அவர் வேண்டுமே’ என்று ஒருவராவது சொல்லியிருப்போம். இந்த முறை பட்டியலில் பதினொரு பேர் இருக்கிறோம், ஒன்றரை மணி நேரம். கூட்டினால் பதினாறரை மணி நேரம், ஒருவருடைய இரண்டு நாள் வேலை. அவ்வளவும் பயன்பட வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறேன்.

நீண்ட அறிக்கை எதுவும் வேண்டாம் மேடம். அன்று ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமா, இல்லை நிலவரத்தைப் பகிர்ந்துகொள்ள மட்டும்தானா? முடிவு என்றால் எதைப் பற்றி? என்னிடமிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, முன்கூட்டியே ஏதாவது பார்த்துவிட்டு வர வேண்டுமா? இவற்றுக்கு இரண்டு மூன்று வரியில் பதில் போட்டால் போதும். அதையே அழைப்பிலும் சேர்த்துவிட்டால் மற்ற பத்துப் பேருக்கும் உதவியாக இருக்கும்.

புதன் மதியத்துக்குள் பதில் கிடைத்தால், நான் தேவைப்படும் விஷயமாக இருக்கும் பட்சத்தில் கட்டாயம் வருகிறேன். பில் சரிபார்க்கும் வேலையைப் புதன் இரவுக்கும் வியாழன் காலைக்கும் நகர்த்திக்கொள்ள குழுவில் பேசி வைத்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் மட்டும் நான் இருந்தால் போதும் என்றால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பகுதியை முதலில் எடுத்துக்கொண்டால் பேசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். நிலவரம் மட்டும் தெரிய வேண்டும் என்றால் மீட்டிங்குக்குக் காத்திருக்கவே வேண்டாம். என்ன வேண்டும் என்று எழுதுங்கள், அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுகிறேன்.

அப்புறம், எழுத்தில் போட முடியாத விஷயமாகவும் இருக்கலாம். ஆட்கள் மாற்றம், வாடிக்கையாளரோடு ஏதாவது மனத்தாங்கல் என்று எதுவாக இருந்தாலும் விவரம் வேண்டாம், ‘நேரில்தான் பேச வேண்டும், நீங்கள் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி போதும். மறு கேள்வி கேட்காமல் வந்துவிடுவேன். அவசரம் என்றால் போன் செய்யுங்கள், இன்று மாலை 5 மணிக்குப் பிறகு இருக்கையில்தான் இருப்பேன்.

புதன் மதியம் வரை அந்த நேரத்தில் வேறு எதையும் வைக்காமல் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அழைப்பை ஏற்றுக்கொள்கிறேன், அல்லது சரிபார்ப்பு வேலைக்கு அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தரவு மாற்றக் குழுப் பொறுப்பாளர்