வெங்காயத் தக்காளி மசாலா, எண்ணெய் பிரியும் வரை

அரைக் கிலோ கோழிக்கு இந்த அளவு சரியாக இருக்கும். பெரிய வெங்காயம் 3, தக்காளி 3, எண்ணெய் 4 மேசைக்கரண்டி. எண்ணெயைக் குறைக்காதீர்கள், ஒரு கரண்டி மட்டும் ஊற்றிவிட்டு அது பிரியவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றால் கண்ணுக்குத் தெரியும்படி பிரிய அங்கே எண்ணெயே இருக்காது. மசாலாவுக்கு மட்டும் மொத்தம் 35 நிமிடம் ஒதுக்குங்கள்.

அடிகனமான வாணலியில் மிதமான தீயில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, 2 கிராம்பு, அரைத் தேக்கரண்டி சோம்பு. சோம்பு பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்துவிடும், சீக்கிரம் வதங்கும். 5 நிமிடத்தில் கண்ணாடி போல ஆகும், பலரும் அங்கேயே தக்காளியைக் கொட்டிவிடுகிறார்கள், குழம்பு இனித்துக்கொண்டு பச்சையாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இன்னும் 7 நிமிடம் அதே தீயில் கிளறுங்கள், பொன்னிறம் தாண்டி லேசாகப் பழுப்பு வரட்டும். ஓரம் கருகுகிற மாதிரி தெரிந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும்.

இப்போது தீயைச் சிம்மில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 நிமிடம், கை எடுக்காமல். இது அடிபிடித்தால் கசக்கும்.

தக்காளியும் கால் தேக்கரண்டி மஞ்சள் தூளும் போட்டு மறுபடி மிதமான தீ, மூடி போட்டு 5 நிமிடம், அப்புறம் மூடியை எடுத்துவிட்டு மசித்தபடி 4 நிமிடம். நாட்டுத் தக்காளி என்றால் நீர் அதிகம் விடும், கூடுதலாக 2, 3 நிமிடம் ஆகும். தக்காளி தோல் சுருண்டு குழைந்த பிறகுதான் தூள்கள்: மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித் தூள் 2 தேக்கரண்டி. முன்னாடியே எண்ணெயில் போட்டால் மிளகாய் கருகி நிறமும் போய்விடும்.

இனி சிம்மில் 8 முதல் 10 நிமிடம், மூடாமல். தீயைக் கூட்டினால் எண்ணெய் சீக்கிரம் பிரிந்த மாதிரி தெரியும், ஆனால் அடி பிடித்து உள்ளே பச்சை வாசனை அப்படியே நிற்கும். மசாலாவில் தண்ணீர் இருக்கும் வரை அது எண்ணெயைத் தன்னோடு கலந்தே வைத்திருக்கும், நீர் வற்றினால்தான் எண்ணெய் வெளியே வரும். அதனால் கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம், நீர் வற்ற வற்ற மெல்லிய சடசடப்பாக மாறும். ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசியும், கரண்டியால் இழுத்தால் மசாலா சட்டியில் ஒட்டாமல் சுருண்டு திரண்டு வரும், இழுத்த தடம் உடனே மூடாது. கிளறுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள், மேலே எண்ணெய் மினுங்கினால் பதம் வந்துவிட்டது. கோழியைப் போட்டு 5 நிமிடம் பிரட்டி, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதி அடங்கிவிடும்.