வடை ரொட்டிக்கு யார் விலை வைக்கிறார்?

பிள்ளைகளே, புத்தகத்தை மூடி வையுங்கள். இன்றைய பாடம் நம் கேன்டீன் விலைப் பலகையில் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் மொரிசியஸின் திப்பேன் காத்தோ பிமான், அதாவது நம் வீட்டுப் பேச்சில் வடை ரொட்டி, 20 ரூபாயிலிருந்து 30 ஆனது. உங்களுக்கு வந்த கோபம் எனக்குத் தெரியும். பலகைக்குக் கீழே ஒருவர் சாக்பீஸால் "கொள்ளை" என்று எழுதிவிட்டுப் போனார். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த கேன்டீன் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதனால்தான் இந்த வகுப்பு.

முதலில் உங்கள் பக்கம். நான் விலை சொல்கிறேன், அந்த விலைக்கு நாளை வாங்குவேன் என்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள். 20 ரூபாய்... 28 பேர். 25... 19 பேர். 30... 11. 40... மூன்றே மூன்று கை. நான் யாரையும் வற்புறுத்தவில்லை, விலை ஏற ஏறக் கைகள் தானாக இறங்கின. நீங்கள் 'டிமாண்ட்' என்று படிப்பது இதுதான். தமிழில் தேவை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பொருளாதாரத்தில் தேவை என்றால் ஆசை மட்டும் இல்லை. ஆசையோடு கையில் காசும் இருக்க வேண்டும். பசியோடு ஒரு பிள்ளை வரிசைக்கு வெளியே நின்றால், அந்தப் பசி இந்தக் கணக்கில் வராது. கணக்கில் வராததால் பசி இல்லை என்று ஆகிவிடாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும்போது இதை மறந்துவிடாதீர்கள். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நாள் வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது மாமாவின் பக்கம். நேற்று அவரிடம் கேட்டேன்: "நம் ஒரு வகுப்புக்கு மட்டும் போடுவதாக இருந்தால், எந்த விலைக்கு எத்தனை போடுவீர்கள்?" 20 ரூபாய் என்றால் 8, 25 என்றால் 19, 30 என்றால் 26 என்றார். இது அளிப்பு, 'சப்ளை'. விலை ஏறினால் அவர் கை கூடுகிறது. ஏன்? அவரிடம் இருப்பது ஒரே எண்ணெய்ச் சட்டி. வடையில் ஒன்றும் மிஞ்சாது என்றால் அந்தச் சட்டியில் சமோசா போடுவார்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 25 ரூபாயில் நீங்கள் கேட்பது 19, அவர் போடுவதும் 19. இதுதான் சமநிலை விலை. 30 ரூபாயில் அவர் 26 போடுகிறார், நீங்கள் 11 எடுக்கிறீர்கள், 15 மிஞ்சுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். இடைவேளை மணி அடித்து முடிந்தபோது போய்ப் பார்த்தேன், தட்டில் வடைகள் ஆறிச் சுருங்கிக் கிடந்தன. காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. வியாழக்கிழமை விலை 25 ஆனது. நீங்கள் சண்டை போட்டதால் இறங்கியது என்று கவிஷ் சொல்லிக்கொண்டு திரிகிறான். இல்லை, கவிஷ். மிஞ்சிய தட்டுதான் இறக்கியது.

"அப்படியானால் முன்பு எப்படி 20 ரூபாய்க்குக் கொடுத்தார், மிஸ்?" நல்ல கேள்வி, தேவினா. முன்பு 20 ரூபாய்க்கே நம் வகுப்புக்கு 28 போட்டுக்கொண்டிருந்தார். அதே 20க்கு இப்போது 8தான் போடுவேன் என்கிறார். அவர் மனம் மாறவில்லை, செலவு மாறிவிட்டது. ரொட்டி விலை ஏறவில்லை. அதற்கு அரசாங்கமே விலை கட்டி மானியம் கொடுக்கிறது. ஆனால் பருப்பும் எண்ணெயும் கப்பலில் வருபவை. பச்சை மிளகாய் இந்த மண்ணில் விளைவது, தொடர்ந்து மழை பெய்தால் செடியிலேயே அழுகிவிடும். மிளகாய் இல்லாமல் காத்தோ பிமான் ஏது?

பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. விலை 30லிருந்து 25க்கு இறங்கியதால் 11 பேருக்குப் பதில் 19 பேர் வாங்கினால், "தேவை கூடிவிட்டது" என்று எழுதாதீர்கள். தேவை அப்படியேதான் இருக்கிறது, அதே கணக்கில் வேறு வரிக்கு நகர்ந்தோம், அவ்வளவுதான். விலை மாறாமல் இருக்கும்போதே வாங்குகிறவர்கள் கூடினால்தான் தேவை கூடியது என்று பொருள். எப்போது அப்படி நடக்கும்? தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளை நினைத்துப் பாருங்கள். கோழி வைத்த ரொட்டியை நம் பிள்ளைகள் தொட மாட்டார்கள். அத்தனை பேரும் வடைப் பக்கம் வருவார்கள். 25 ரூபாய்க்கு 19 கை தூக்கிய இடத்தில் 26 கை எழும். முழுக் கணக்குமே இடம் மாறிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 2024 ஜனவரி 15, பெலால் புயல். போர்ட் லூயியில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கும். தோட்டங்களில் கீரையும் காயும் அடிபட்டுப் போயின. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25. காய் குறைந்த அதே வாரத்தில் வீட்டுக்கு வீடு சைவச் சமையல். ஏழு கறிக்குக் காய் தேட வேண்டும். அளிப்பு இறங்க, தேவை ஏற, விலை எந்தப் பக்கம் போகும்? அந்த வாரம் நான் சந்தையில் தக்காளியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்தேன். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். நம் கேன்டீன் உண்மையான சந்தை இல்லை. சந்தையில் பத்துக் கடை இருக்கும், ஒன்றில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே வாசல் கதவு பூட்டியிருக்கிறது, கடை ஒன்றுதான். அதனால்தான் சில பொருளுக்குப் பள்ளி உச்சவிலை வைக்கிறது. விளையாட்டுப் போட்டி நாளில் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள். என்ன நடந்தது? 400 மீட்டர் ஓட்டம் தொடங்கும் முன்பே பாட்டில் தீர்ந்துவிட்டது. முதலில் வந்தவர் மூன்று மூன்றாக வாங்கிப் பையில் போட்டார்கள், ஓடி முடித்து வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. விலையைக் கட்டினால் வரிசை நீளும். இருந்தாலும் தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடு சரி என்பதுதான் என் எண்ணம். தாகத்தில் இருக்கிறவரிடம் பேரம் பேசக் கூடாது. ஆனால் விலையைக் கட்டிய கையோடு, இரண்டு மடங்கு பாட்டில் வரவழைத்து, ஆளுக்கு ஒன்று என்றும் சொல்லியிருக்க வேண்டும். இதை ஆசிரியர் கூட்டத்திலும் சொன்னேன்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கிறது. வீட்டுப் பாடம் எழுதிக்கொள்ளுங்கள். அன்னாசிப் பழத் துண்டு, உப்பு மிளகாய் தூவியது, இப்போது 15 ரூபாய். அடுத்த வாரம் முழுவதும் தினமும் இடைவேளை முடிவில் எத்தனை மிஞ்சியது என்று மாமாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு இரண்டு பேராகப் போங்கள், கூட்டமாகப் போய் அவர் வேலையைக் கெடுக்காதீர்கள். போகும்போது முதலில் வணக்கம் சொல்லுங்கள். பலகையில் எழுதியவர் அதோடு இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்.