சுயவிவரம்: பெ. செல்வராஜ், கனரக லாரி டிரைவர், நாமக்கல்

கேட்கும் வேலை: சேலம் – புனே – மும்பை லைனில் 12 சக்கர லாரி. வயது 37, ஊர் நாமக்கல் பக்கம் மோகனூர். போன் எண், இந்தத் தாளை அனுப்பிய வாட்ஸ்அப் எண்ணேதான். லோடு ஓட்டத்தில் இருந்தால் எடுக்க மாட்டேன், வண்டியை ஓரம் நிறுத்தியதும் நானே கூப்பிடுவேன்.

லைசன்ஸ்

2009-ல் எல்எம்வி எடுத்தேன், 2011-ல் ஹெவி டிரான்ஸ்போர்ட். இரண்டும் நாமக்கல் ஆர்டிஓ, டிஎன் 28. போன வருடம் 2025-ல் மருத்துவச் சான்றோடு புதுப்பித்தேன், 2030 வரை செல்லும். கேஸ், பெட்ரோல் ஏற்றும் ஆபத்தான சரக்கு பயிற்சி எடுக்கவில்லை, அதனால் டேங்கர் வேலை கேட்கவில்லை.

ஓட்டிய வண்டிகளும் ரூட்டும்

2006 முதல் 2010 வரை கிளீனர். கயிறு கட்டுவது, தார்ப்பாய் போடுவது, டயர் மாற்றுவது எல்லாம் அப்போது கற்றதுதான், இன்றும் தார்ப்பாயை வேறு யார் கட்டினாலும் ஒருமுறை நானே சுற்றிப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை.

2011 – 2015: முட்டை லாரி. நாமக்கல்லில் ராத்திரி ஏற்றி, வாளையார் தாண்டி பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம். முட்டை லோடு ஓட்டியவனுக்குத் திடீர் பிரேக் அடிக்கும் பழக்கமே வராது, முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விடுவது தானாக வந்துவிடும். எனக்கு அந்த நாலு வருடம்தான் உண்மையான டிரைவிங் ஸ்கூல்.

2015 – 2020: 10 சக்கர டாரஸ். போகும்போது சேலம் ஜவ்வரிசி, திரும்பும்போது நாசிக் வெங்காயம். ரூட் கிருஷ்ணகிரி, பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே.

2020 முதல் இன்றுவரை: அதே லைனில் 12 சக்கரம், மும்பை, பிவண்டி வரை. ஓனர் வண்டிகளை விற்றுவிட்டுத் தொழிலை நிறுத்துகிறார், அதனால்தான் வேலை தேடுகிறேன். அவரிடமே என்னைப் பற்றிக் கேட்கலாம், எண் தருகிறேன்.

விபத்து, அபராதம்

15 வருடத்தில் ஆள் அடிபட்ட விபத்து ஒன்றும் இல்லை, வண்டி கவிழ்ந்ததில்லை, குடித்து ஓட்டியதில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: 2016-ல் ஒரு குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணை இடித்துவிட்டேன். தப்பு என்னுடையது, சரி செய்த செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கப்புறம் கிளீனர் இருந்தாலும் இறங்கிப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் ரிவர்ஸ். அபராதம் ஒன்றே ஒன்று, பெங்களூருவில் நோ என்ட்ரி, கட்டியாகிவிட்டது. லைசன்ஸ் எண் தருகிறேன், பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது எவ்வளவு அவசரமானாலும் நியூட்ரல் கிடையாது. ஏறுகிற கியரிலேயே இறக்கம், எக்ஸாஸ்ட் பிரேக், அதற்கு முன்னால் ஏர் பிரஷர் பார்ப்பது. கம்பட்கி கணவாயிலும் புனே நவலே பாலத்துச் சரிவிலும் இதே முறைதான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டவர்களின் வண்டியைப் பள்ளத்தில் பார்த்திருக்கிறேன், அந்த மிச்சம் எனக்கு வேண்டாம்.

நம்பிக்கை

2019 ஆகஸ்ட்டில் கோலாப்பூர் வெள்ளத்தில் ஹைவே மூடியபோது ஜவ்வரிசி லோடோடு நிப்பாணியில் நாள்கணக்கில் நின்றேன். வண்டியை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தூங்கவில்லை, காலையும் மாலையும் ஓனருக்கும் பார்ட்டிக்கும் போன் செய்து நிலவரம் சொன்னேன், ஒரு மூட்டைகூட நனையாமல் புனேயில் இறக்கினேன். 2020 ஊரடங்கில் தாபா எல்லாம் மூடியிருந்தபோதும் அடுப்பு, அரிசி எடுத்துக்கொண்டு வெங்காய லோடு ஓட்டினேன்.

பில், எல்ஆர், இ-வே பில் எல்லாம் ஒரே கவரில் இருக்கும். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு என்பதால் வண்டி எங்காவது நின்றால் காலாவதி ஆகும் முன்பே ஆபீசுக்குச் சொல்லிவிடுவேன். கையெழுத்து வாங்கிய ரசீதை இறக்கிய அன்றே போட்டோ எடுத்து அனுப்புவேன். டீசல் பில், டோல், பேட்டா கணக்கு நோட்டில் தேதி வாரியாக உண்டு, பழைய நோட்டுகளையும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

கன்னடம், மலையாளம் பேசுவேன், இந்தியில் வேலை நடத்துவேன், மராத்தி புரியும். பத்தாவது பாஸ்.

என் பக்கம் கேட்பது

ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, ராத்திரி தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்துவேன், அதற்கு ஏன் லேட் என்று திட்டக் கூடாது. ஓவர்லோடு ஏற்ற மாட்டேன். மாதம் நான்கு நாள் வீட்டில் இருக்க வேண்டும், மகள் ஏழாவது படிக்கிறாள். சம்பளம், பேட்டா நேரில் பேசலாம். வரும் 1-ஆம் தேதி முதல் வண்டி எடுக்கத் தயார், அதற்கு முன் தொப்பூர் வரை ஒரு டிரிப் ஓட்டிக் காட்டச் சொன்னாலும் வருகிறேன்.