பொருள்: ஊறுகாய்ப் பெட்டிகள் தொடர்ந்து உடைந்து வருவது, 20 பெட்டி சோதனை லோடு

மாட்டுங்கா, மும்பை
4 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

வணக்கம். போனில் இரண்டு முறை பேசினோம். இந்த முறை எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். உங்கள் பேக்கிங் ஆட்களிடமும் இதைக் காட்டுங்கள்.

மே லோடில் உடைந்தது 19 பாட்டில், ஜூனில் 41, ஜூலையில் 68. மூன்று முறையும் 60 பெட்டி, பெட்டிக்கு 24 பாட்டில். மழை ஏற ஏற உடைசலும் ஏறுகிறது. சென்ற வியாழக்கிழமை டெம்போவிலிருந்து இறக்கும்போது ஒரு பெட்டியின் அடிப்பக்கம் அப்படியே பிளந்து, மாங்காயும் எண்ணெயும் கடை வாசலில் கொட்டியது. தூக்கிய பையனுக்குக் கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் மூன்று தையல். அதன் பிறகு இதைத் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

லாரி ஆபீஸில் தூக்கிப் போடுகிறார்கள் என்று சொன்னீர்கள். உண்மைதான். திருநெல்வேலியில் ஏற்றி, பிவண்டி குடோனில் இறக்கி அடுக்கி, அங்கிருந்து டெம்போவில் இங்கே வருகிறது. நடுவில் எத்தனை கை மாறுகிறது! ஆனால் அதே லாரியில் வேறொருவர் அனுப்பிய கண்ணாடி ஜாடிகள் ஒன்றுகூட உடையாமல் வந்தன. ரசீதிலும் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்றுதான் அடித்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு ரூபாய் வாங்க முடியாது. நம் கையில் இருப்பது பெட்டி மட்டும்தான்.

உடைந்த பெட்டிகளைப் பிரித்து வைத்து நிதானமாகப் பார்த்தேன். மூன்று பிளை அட்டை, ஈரம் ஏறி விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. பாட்டில்கள் இரண்டு அடுக்காக நிற்கின்றன, நடுவில் ஒரு மெல்லிய தாள் மட்டும். உடைசல் பெரும்பாலும் கீழ் அடுக்கில், பாட்டிலின் தோள் பக்கத்தில். தடுப்பு அட்டை பாட்டிலின் பாதி உயரத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே கண்ணாடியோடு கண்ணாடி மோதுகிறது. அப்புறம் மேலே ஓர் அங்குலம் காலி. அதனால் மேலே அடுக்கும் பெட்டியின் பாரத்தில் மூடி அட்டை உள்ளே குழிகிறது. ஒரு பாட்டில் உடைந்தால் மற்ற 23-இன் லேபிளும் எண்ணெயில் ஊறிவிடுகிறது. துடைத்துப் பாதி விலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த நஷ்டத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். பெட்டி ஐந்து பிளையாக இருக்கட்டும், வெளித்தாள் 150 ஜி.எஸ்.எம். கிராஃப்ட். பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் 10-க்குக் குறையாமல் என்று பெட்டிக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அட்டைக்குள் இருக்கும் அலை நின்றவாக்கில் வர வேண்டும், படுத்தவாக்கில் இருந்தால் பாரம் தாங்காது. தடுப்பு பாட்டிலின் முழு உயரத்துக்கு வேண்டும். அடியில், மேலே, அடுக்குகளுக்கு நடுவில் என ஒவ்வோர் அட்டைத் தகடு. டேப்பை நடுவில் மட்டும் ஒட்டாமல் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டி, மேலே இரண்டு பட்டை கட்டுங்கள்.

இதை உடனே மொத்தமாக மாற்றச் சொல்லவில்லை. முதலில் 20 பெட்டி அனுப்புங்கள். பத்துப் பெட்டி 24 பாட்டிலோடு, மேலே சொன்ன மாதிரி. இன்னொரு பத்து, அதே அட்டையில் ஒரே அடுக்காக 12 பாட்டில் மட்டும். எனக்கென்னவோ 12 தான் ஜெயிக்கும் என்று தோன்றுகிறது. எடை பாதியானால் யாரும் தொப்பென்று போடமாட்டார்கள். வழக்கமான லாரியிலேயே போடுங்கள், ‘ஜாக்கிரதை’ என்று யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் சோதனையே வீண். பெட்டிகளில் 1 முதல் 20 வரை எண் எழுதி, மூடுவதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள். ஏற்றும் முன் ஒரு பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி விட்டுப் பாருங்கள், அங்கேயே பாதி தெரிந்துவிடும். இங்கே நானே நின்று பிரித்து, எண் வாரியாக எழுதி அனுப்புகிறேன்.

பெட்டி விலை கூடும், தெரியும். கூடுகிற தொகையில் பாதி என் கணக்கில் போடுங்கள். ஜூலையில் உடைந்த 68 பாட்டிலுக்கு, பாட்டில் 62 ரூபாய் வீதம் 4,216 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் கணக்கை விட்டுவிடுகிறேன்.

இந்தத் தெருவில் உங்கள் நார்த்தங்காய் ஊறுகாயைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் வீடுகள் இருக்கின்றன. வேறு சரக்கு வைக்க எனக்கு விருப்பமே இல்லை. ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, அதன் பிறகு இங்கே டெம்போ நகராது. 18-ஆம் தேதிக்குள் ஏற்றிவிட்டால் அதற்கு முன் கைக்கு வந்துவிடும். சோதனை சரியாக வந்தால் நவராத்திரிக்கு 120 பெட்டி ஆர்டர் கொடுக்கிறேன். அதுவரை பழைய பெட்டியில் எதையும் அனுப்ப வேண்டாம்.

பெட்டிக்காரரிடம் பேசிவிட்டு, எந்தத் தேதிக்கு ஏற்றுவீர்கள் என்று இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். உடைந்த பெட்டிகளின் போட்டோ பதினொன்றும் ஜூலை லாரி ரசீதும் இதோடு இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்