பொருள்: மார்ச் 10 செவ்வாய் வேதியியல் லேப், மார்ச் 12 வியாழன் பிற்பகல் 1.30-க்கு மாற்றம்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் மேடம், லேப் பொறுப்பாசிரியர் சார், மற்ற ஆசிரியர்கள், லேப் அண்ணன் அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் ஆண்டு நண்பர்களுக்கும் இதே மெயில்தான்.

மண்டைக்காடு கொடையை முன்னிட்டு செவ்வாய்க்கிழமை நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று நடக்க இருந்த நீரின் கடினத்தன்மை பரிசோதனை வியாழன் (மார்ச் 12) பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை நடக்கும். அதே லேப்தான், இரண்டு பேட்ச்சும் சேர்ந்துதான். சாரும் மேடமும் ஒப்புதல் தந்துவிட்டார்கள்.

ஏன் புதன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். கொடை அன்று நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. அது முடிந்து கூட்டத்தோடு பஸ் பிடித்து வீடு சேர்பவர்கள் மறுநாள் காலையில் ப்யூரெட் முன்னால் நிற்பது சிரமம். வெள்ளி பிற்பகல் ஜும்மாவுக்குப் போகிறவர்கள் நம் வகுப்பில் உண்டு. தவக்காலம் என்பதால் மாலையில் சிலுவைப்பாதைக்குப் போகிறவர்களும் உண்டு. எல்லாரும் முழு மனதோடு இருக்கக்கூடிய நாள் வியாழன்தான். வழக்கமான 2 மணிக்குப் பதில் 1.30-க்குத் தொடங்கக் கேட்டது குலசேகரம், அருமனை பக்கம் போகிறவர்களுக்காக. 4.30-க்கு விட்டால்தான் அவர்கள் இருட்டும் முன் வீட்டுக்குப் போக முடியும்.

வியாழன் பிற்பகல் கணித வகுப்பை அந்த சார் வெள்ளி காலை நூலக நேரத்துக்கு மாற்றித் தந்திருக்கிறார். நன்றி சார். வகுப்பு எதுவும் குறையவில்லை.

இனி முக்கியமான விஷயம், தண்ணீர். சிலர் இப்போதே ஊரிலிருந்து பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டீர்கள். தயவுசெய்து அதைக் கொட்டிவிட்டு புதிதாகப் பிடியுங்கள். பல நாள் வைத்த கடின நீரில் கால்சியம் கார்பனேட் கொஞ்சம் படிந்து பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைவாகக் காட்டும், நாம் தண்ணீரைப் பற்றித் தப்பாக எழுதுவோம். புதன் மாலை அல்லது வியாழன் காலையில் பிடித்தால் போதும். அரை லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து, அதே தண்ணீரால் இரண்டு முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். போர்வெல் என்றால் மோட்டார் போட்டு சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஊர், நாள், நேரம், கிணறா போரா குழாயா என்று ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

குளச்சல் கடற்கரையோரக் கிணறு, தோவாளை வயல் பக்கத்துக் கிணறு, கோதையாற்றுக் கால்வாய், நாகர்கோவில் குழாய்த் தண்ணீர் என நான்கு வகையாவது கிடைத்தால் ஒப்பிட நன்றாக இருக்கும். வீட்டில் குடிக்கும் தண்ணீரை நாமே அளந்து பார்க்கும் வாய்ப்பு இது. ரெக்கார்டுக்காக மட்டும் செய்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை IS 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்கிறது. வேறு நீர்வழி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். உங்கள் கிணறு எங்கே நிற்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 0.01 M ஈடிடிஏ 1 மி.லி. என்றால் கால்சியம் கார்பனேட் 1 மி.கி. நாம் 20 மி.லி. நீர் எடுப்பதால் ப்யூரெட் அளவை 50-ஆல் பெருக்குங்கள். கடற்கரைத் தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கு ப்யூரெட் காலியாகிவிடும்போல் இருந்தால், 10 மி.லி. எடுத்துக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 20 ஆக்கி, 100-ஆல் பெருக்குங்கள். பஃபர் விட்ட பிறகு பேச்சு வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குள் டைட்ரேஷனை முடியுங்கள். ஒயின் சிவப்பு முழுதாகப் போய்த் தெளிந்த நீலம் வரும்வரை கடைசித் துளிகளை மெதுவாக விடுங்கள். ஊதா நிறத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

லேப் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். கரைத்து வைத்த ஈடிடிஏ பாலித்தீன் பாட்டிலில் இருப்பதால் வியாழன் வரை தாங்கும். எரியோகுரோம் பிளாக் டி கரைசல் தாங்காது, அதை மட்டும் வியாழன் காலையில் புதிதாகச் செய்துதர முடியுமா அண்ணா? அம்மோனியா பஃபர் பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நான் புதன் மாலை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கோட், அப்சர்வேஷன் நோட் கட்டாயம். என்.சி.சி. முகாமில் இருக்கும் இரண்டு பேருக்கு அடுத்த செவ்வாய் தனியாகச் செய்ய மேடம் அனுமதி தந்திருக்கிறார்கள், வருகைப்பதிவு குறையாது. வேறு யாருக்காவது வியாழன் முடியாது என்றால் திங்கள் மாலைக்குள் எனக்குச் சொல்லுங்கள், நான் மேடத்திடம் பேசுகிறேன். எந்த ஊர்த் தண்ணீர் கொண்டுவருகிறீர்கள் என்றும் அதே பதிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கொடைக்குப் போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
வகுப்புப் பிரதிநிதி
இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு