மாலை நேர இணையவழிக் கணித வகுப்பு அறிவிப்பு குறித்து

மதிப்பிற்குரிய கணித ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் மாணவியின் தந்தை எழுதுகிறேன். எங்கள் வீடு கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது.

மழை விடுமுறையால் பாடம் பின்தங்கிவிடக் கூடாது என்று, பள்ளி நேரம் முடிந்த பிறகும் இரவு ஏழு மணி முதல் எட்டு மணி வரை தாங்கள் முக்கோணவியல் நடத்துவதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அறிவிப்பில் உள்ள இரண்டு விதிகள், அதாவது 7.10 மணிக்குப் பின் இணைபவர்களுக்கு வருகைப்பதிவு இல்லை என்பதும், கேமரா இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும், பிள்ளைகள் கவனம் சிதறாமல் இருக்கவே வைக்கப்பட்டவை என்பதை உணர்கிறேன். அந்த விதிகளைப் பின்பற்றவே நாங்களும் முயன்று வருகிறோம். அதில் எங்கள் ஊரின் அலைபேசி இணைப்பு தரும் சிரமத்தை மட்டும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியது முதல் இங்கு மாலையில் அடிக்கடி மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்சாரம் நின்றால் கோபுரத்தில் உள்ள பேட்டரி தாங்கும் வரைதான் சிக்னல் இருக்கும். மின்சாரம் இருக்கும் நாட்களிலும் ஏழு மணி என்பது ஊரார் எல்லாரும் வேலை முடிந்து வீடு திரும்பி அலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம் என்பதால், காலையில் ஓரளவு ஓடும் இணையம் அந்த ஒரு மணி நேரத்தில் திணறிப்போகிறது. வேறொரு நிறுவனத்தின் சிம் வாங்கிப் போட்டுப் பார்த்தோம்; பெரிய வேறுபாடு இல்லை. பேருந்து நிறுத்தத்தின் அருகே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று திங்கட்கிழமை அங்கே குடை பிடித்தபடி நின்று மகள் வகுப்பைக் கேட்டாள். நானும் உடன் நின்றேன். ஆனால் இருட்டிலும் மழையிலும் அவளால் நோட்டில் எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுத் திண்ணையிலிருந்து சரியாக 6.58க்கு இணைந்தாள். இருபது நிமிடங்களில் இணைப்பு அறுந்தது. மீண்டும் நுழைய முயன்றபோது, தாங்கள் பலகையில் எழுதிக்கொண்டிருந்ததால் அவளுடைய அனுமதிக் கோரிக்கை தங்கள் கண்ணில் படவில்லை போலும். ஏறத்தாழ எட்டு நிமிடம் காத்திருந்தாள். பாடம் நடத்திக்கொண்டே திரையையும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அந்த இடைவெளியில்தான் இறக்கக்கோணத்திற்கான படம் வரையப்பட்டிருக்கிறது. பார்ப்பவரின் கண் மட்டத்தில் செல்லும் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டிய கோணத்தை, இவள் கோபுரத்தின் செங்குத்துச் சுவரிலிருந்து அளந்து ஐந்து கணக்குகளையும் தவறாகப் போட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் பார்த்துச் சொன்ன பிறகே தவறு தெரிந்தது. வருகைப்பதிவு போனதைவிட இந்தத் தவறுதான் என்னை இதை எழுதச் செய்தது. ஏனெனில் அவளுக்குக் கணிதம் பிடிக்கும், புரியாததைப் புரிந்தது போல் விட்டுவிடும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

எனவே தங்களுக்குக் கூடுதல் சுமையாகாத அளவில் சிலவற்றைக் கேட்கிறேன். சிக்னல் குறையும்போது கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்க அவளை அனுமதிக்க இயலுமா? எங்களிடம் உள்ளது நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம். கேமராவுடன் ஒரு வகுப்பு முடியும்போது அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே நேரத்திற்கு இணைந்து, நடுவில் விடுபட்டு, மீண்டும் வருபவர்களை உள்ளே அனுமதிக்கும் பொறுப்பை வகுப்புத் தலைவரிடம் ஒப்படைக்க முடிந்தால் தங்கள் கவனமும் சிதறாது. வகுப்பு முடிந்ததும் பலகையில் வரைந்த படங்களை மட்டும் ஒளிப்படமாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் இட்டால் அதுவே எங்களுக்குப் பேருதவி. முழு வகுப்பின் காணொளிப் பதிவை நான் கேட்கவில்லை. அதை இங்கே தரவிறக்கவே இரவு முழுவதும் ஆகிவிடும்.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பு அறுந்த நாளில், அன்றைய வீட்டுப்பாடக் கணக்குகளை முழுவதும் போட்டு மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மகள் தங்களுக்கு அனுப்பிவிடுவாள். அவள் வகுப்பை விட்டு நழுவவில்லை என்பதற்கு அது சான்றாக இருக்கட்டும். இதே ஊரில் தங்கள் வகுப்பு மாணவர்கள் இன்னும் மூவர் இருக்கிறார்கள். சிக்னல் சற்று மேலாக உள்ள ஒரு வீட்டில் நால்வரையும் ஒன்றாக அமர்த்தி, ஒரே அலைபேசியில் வகுப்பைக் கேட்க வைக்கலாம் என்று அவர்களின் பெற்றோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரே பெயரில் இணைந்தால் நால்வருக்கும் வருகைப்பதிவு கிடைக்குமா என்பதை மட்டும் தாங்கள் தெரிவித்தால், நாளை வியாழக்கிழமை வகுப்பிலிருந்தே அவ்வாறு செய்துவிடுகிறோம்.

இது குறித்து அலைபேசியில் பேசுவது தங்களுக்கு எளிது என்றால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். என் எண் பள்ளிப் பதிவேட்டில் உள்ளது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை